காமினி மறைக்காத நாலரை மாதம்

காமினி முதன்முதலாக இந்த வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு அளவு நாடாவும் ஸ்டாப்வாட்ச்சும் நோயாளியின் இடுப்பில் கட்டும் பெல்ட்டும் வைத்திருந்தாள். வந்ததும் ஐயாவின் வலது கையைத் தூக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, தோள்பட்டையப் புடிச்சு இழுக்காதீங்க. முழங்கைக்குக் கீழ கை குடுத்துத் தாங்குங்க" என்றாள். வணக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. வேலை தெரிந்த பெண் என்று அப்போதே புரிந்துகொண்டேன்.

பினாங்கு கிரீன் லேனில் இருக்கும் இந்த வீட்டில் நான் கனகசுந்தரம் ஐயாவைப் பார்த்துக்கொள்கிறேன். துறைமுக அலுவலகத்தில் தலைமை கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். மகள் அனுஜா சிங்கப்பூரில் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் நவம்பரில் பக்கவாதம் வந்து ஐயாவின் வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய், நாலைந்து சொற்கள்தான் மிஞ்சின. நான் ஐம்பது வயதுக்கு மேல் பராமரிப்புப் பயிற்சி எடுத்தவள். எங்களுக்கு அங்கே சொல்லிக்கொடுத்ததில் இன்று வரை நான் விடாதது ஒன்றுதான்: செய்ததை அன்றன்றே எழுதி வைப்பது. ரத்த அழுத்தம், மாத்திரை, மலம் போனது, எத்தனை வாய் சாப்பிட்டார் என்று எல்லாமே ஒரே புத்தகத்தில் இருக்கும். காமினி வரும் நாட்களில் அவளும் அதே புத்தகத்தில் தன் அளவுகளை எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அவள் வேலை செய்த மறுவாழ்வு மையத்தில் வீட்டு நோயாளிகளின் குறிப்பை வீட்டிலேயே வைத்துவிடுவது வழக்கம். மையத்தில் ஒரு பக்கச் சுருக்கம் மட்டும்தான் இருக்கும்.

காமினிக்கு முப்பத்து மூன்று வயது. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் கடல் பாலத்தைத் தாண்டி வருவாள். முதலில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஏழு வருடம் இருந்தாள். பிறகு பர்மா ரோட்டில் நோர்மா என்பவர் நடத்தும் சின்ன மையத்துக்கு மாறினாள். அவள் கணவன் தயாளன் பிறை ஊரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்தவன். நியூசிலாந்தில் வேலை கிடைத்து முன்னாலேயே போய்விட்டான். காமினி பின்னால் போக வேண்டும். மனைவி என்ற முறையில் போய்ச் சேர்வதில் சிக்கல் இல்லை. ஆனால் அங்கே பிசியோதெரபிஸ்ட்டாக வேலை செய்ய வேண்டுமென்றால் அந்த நாட்டு பிசியோதெரபி வாரியத்தில் பதிவு வேண்டும். அது இல்லாமல் அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளவே கூடாது.

"சும்மா போயி சூப்பர்மார்க்கெட்ல தக்காளி அடுக்கவா ஆன்ட்டி நாலு வருசம் படிச்சேன்?" என்பாள்.

இந்த வருடம் பிப்ரவரியில் அவள் அதற்கான வேலையை ஆரம்பித்தாள். பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், கல்லூரியில் எத்தனை மணி நேரம் மருத்துவமனைப் பயிற்சி செய்தாள் என்பதற்கான கடிதம், ஆங்கிலத் தேர்வு முடிவு, வெளியுறவு அமைச்சகமான விஸ்மா புத்ராவிலிருந்து வாங்கும் நன்னடத்தைச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. தயாளன் அந்த நன்னடத்தைச் சான்றிதழையே பெரிய விஷயமாக நினைத்து, அது வந்ததும் எல்லாம் முடிந்தது என்று போனில் சந்தோஷப்பட்டான். அது போலீஸ் வழக்கு இல்லை என்பதற்கு மட்டும்தான் ஆதாரம், தொழிலுக்கு வேறு கடிதம் உண்டு என்று காமினி அவனுக்கு விளக்க வேண்டியிருந்தது. அவளைப் பதிவு செய்து வைத்திருக்கும் நம் நாட்டு மன்றம் புத்ராஜெயாவில் இருக்கிறது. இவள் எங்களிடம் பதிவானவள், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை தொழில் செய்ய அனுமதி இருந்தது, இவள் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை என்று அவர்கள்தான் எழுதித் தர வேண்டும். அந்தக் கடிதம் அவள் கைக்கு வராது. ஒரு மன்றத்திலிருந்து இன்னொரு வாரியத்துக்கு நேராகப் போகும்.

இதைத் தவிர, அவள் பார்த்த நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதிக் காட்ட வேண்டும். எப்படிப் பரிசோதித்தாள், என்ன திட்டம் போட்டாள், எதை வைத்து முன்னேற்றத்தை அளந்தாள் என்பதெல்லாம் வேண்டும், ஆதாரத்துக்கு நோயாளியின் பெயரை மறைத்த குறிப்புகளும் வேண்டும். அவள் ஐயாவைத் தேர்ந்தெடுத்தாள். நியாயமான தேர்வுதான். போன வருடம் ஜனவரியில் இரண்டு பேர் பிடித்தால்கூட நிற்க முடியாதவர், மே மாதத்துக்குள் நாலுகால் ஊன்றுகோலோடு நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார்ந்தார். முதன்முதலாக அளந்தபோது ஐம்பத்தெட்டு வினாடி ஆனது, பிறகு முப்பத்தொன்றாகக் குறைந்தது. ஒவ்வொன்றும் தேதியோடு புத்தகத்தில் இருக்கிறது.

அவள் ஐயாவின் எதிரே உட்கார்ந்து, உங்களைப் பற்றி எழுதலாமா, பெயர் வராது என்று மெதுவாக இரண்டு முறை கேட்டாள். ஐயா இடது கையால் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தை அவர் மூன்று வாரமாகப் பழகிக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் அவள் சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துத் தேதிகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று தட்டச்சுச் சத்தம் நின்றது. அவள் தன் கைத்தொலைபேசியில் எதையோ தேடி எடுத்துப் பார்த்தாள், பிறகு புத்தகத்தைப் பார்த்தாள், மறுபடியும் தொலைபேசியைப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று நினைத்துத் தண்ணீரில் சீனி கலக்க எழுந்தேன்.

சர்க்கரை இல்லை. விஷயம் இதுதான். பதிவு ஒன்று, தொழில் செய்யும் அனுமதி வேறொன்று. பதிவுச் சான்றிதழ் அப்படியே இருக்கும். அதை அவள் கண்ணாடிச் சட்டம் போட்டு மையத்தின் சுவரில் மாட்டியிருந்தாள். தொழில் அனுமதிச் சான்றிதழுக்கோ காலக்கெடு உண்டு, அது முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும். மருத்துவமனையில் இருந்தவரை அந்த வேலையை மனிதவளப் பிரிவு எல்லோருக்கும் சேர்த்துப் பார்த்துக்கொண்டது. மையத்துக்கு மாறிய பிறகு பார்க்க ஆள் இல்லை. நினைவூட்டல் கடிதம் மருத்துவமனை கொடுத்திருந்த பழைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கும், அதை மருத்துவமனை எப்போதோ மூடிவிட்டது. அவள் அனுமதி போன வருடத்துக்கு முந்தைய டிசம்பர் கடைசியில் முடிந்தது. போன வருடம் மே மாத நடுவில் ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போனபோது, அங்கே அனுமதி எண்ணைக் கேட்டிருக்கிறார்கள். அப்போதுதான் பார்த்து, அன்றே விண்ணப்பித்துப் புதுப்பித்திருக்கிறாள். வண்டிக்கு ரோட் டாக்ஸ் கட்ட மறந்து பிறகு கட்டுவது போல, கட்டியாயிற்று, தீர்ந்தது என்று நினைத்துவிட்டாள். நோர்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஐயா எழுந்து நின்றது, அடி வைத்தது, முப்பத்தொரு வினாடியில் நடந்தது எல்லாம் அந்த நாலரை மாதத்துக்குள்தான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவள் கையெழுத்து இருந்தது.

வேறு நோயாளியைப் பற்றி எழுதேன் என்று நான் சொன்னேன். அதனால் பயனில்லை என்றாள். மன்றத்தின் கடிதத்தில் அனுமதி இருந்த தேதிகள் வரும். வேலை செய்த இடத்திலிருந்து நோர்மா தரும் கடிதத்தில் வேலை செய்த தேதிகள் வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓட்டை தெரியும். அதோடு விண்ணப்பத்திலேயே, தொழில் நடத்தையில் எதிர்பார்த்தபடி இல்லாதது ஏதாவது உண்டா என்று கேட்டு, உண்மைதான் என்று கையெழுத்தும் வாங்குகிறார்கள்.

மறுநாள் அவள் நோர்மாவிடம் சொன்னாள். நோர்மா முதலில் பதறினார், பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த நாலரை மாதமும் காமினி அலுவலக வேலை மட்டும் பார்த்தாள், நோயாளிகளைத் தொடவில்லை என்று கடிதம் தருவதாகச் சொன்னார். கெட்ட பெண்மணி இல்லை. எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுப்பவர். அனுமதி இல்லாதவளை வேலை செய்ய விட்டது மையத்துக்கும் ஆபத்து.

ஆனால் அந்தக் கடிதத்துக்கு எதிராக ஒரு சாட்சி இருந்தது. அது ஐயாவின் அலமாரியில் இருந்த என் புத்தகம்.

வியாழக்கிழமை அவள் வந்தபோது பையில் ஒரு புதுப் புத்தகம் இருந்தது. அதே அளவு, அதே நீல அட்டை. பயிற்சி முடிந்து ஐயா தூங்கிய பிறகு அதை மேசையில் வைத்தாள்.

"ஆன்ட்டி, ஜனவரியிலேர்ந்து மே வரைக்கும் உள்ளத இதுல மறுபடி எழுதிருங்களேன். மே கடைசில ஆரம்பிச்ச மாதிரி. நானும் மறுபடி கையெழுத்துப் போட்டுர்றேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

நான் பழைய புத்தகத்தைத் திறந்து போன வருட மார்ச் மாதத்துப் பக்கத்தைக் காட்டினேன். அன்றுதான் டாக்டர் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையை மாற்றினார். அதற்கடுத்த வாரம் மூக்கில் ரத்தம் வந்தது, அளவைக் குறைத்தார். உன் தேதியை நகர்த்தினால் இதையும் நகர்த்த வேண்டும். நாளைக்கு ஐயா மயங்கி விழுந்து, ஆம்புலன்ஸில் போகும்போது அந்த டாக்டர் கையில் நான் எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது என்று கேட்டேன்.

"ரெண்டு புக் வெச்சுக்கலாம்" என்றாள்.

"ஒரு ஆளுக்கு ரெண்டு உடம்பு இல்ல. ரெண்டு புக்கும் கிடையாது."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. புதுப் புத்தகத்தைப் பையில் திணித்துக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்கு என்ன ஆன்ட்டி. டயப்பர் மாத்துறதுக்கு எந்த கவுன்சிலும் லைசென்ஸ் கேக்காது."

"கேக்காதுதான். அதுக்காக அழுக்க உள்ள வெச்சுக் கட்டிவிட மாட்டேன்" என்றேன்.

அவள் போய்விட்டாள். அடுத்த செவ்வாய்க்கிழமை வரவில்லை. மையத்தில் கேட்டதற்கு உடம்பு சரியில்லை என்றார்கள். ஐயா காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எனக்குத் தெரிந்த வரைக்கும் கையையும் காலையும் அசைத்துவிட்டேன். நான் செய்ததில் தப்பு இருப்பதாகத் தோன்றவில்லை, ஆனால் ராத்திரி அந்த மார்ச் பக்கத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன்.

வியாழக்கிழமை அவள் வந்தாள். என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, ஐயாவைத்தான் முதலில் பார்த்தாள். வேலை முடிந்த பிறகு சமையலறைக்கு வந்து, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னாள்.

தயாளன் போனில் சண்டை போட்டிருக்கிறான். நோர்மா தருகிற கடிதத்தை வாங்கிக்கொள், வாயை மூடிக்கொண்டு வா என்பது அவன் கட்சி. அவளும் அப்படித்தான் செய்ய இருந்தாள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்து, அதன் மேலே இருந்த வரியைப் படித்திருக்கிறாள். பொய்யான தகவல் கொடுத்துப் பெற்ற பதிவை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்று இருந்தது.

"போயி அஞ்சு வருசம் கழிச்சுக்கூட புடுங்கலாம் ஆன்ட்டி. யாராச்சும் ஒரு நோயாளி கோவத்துல கம்ப்ளைன் பண்ணா பழசெல்லாம் தோண்டுவாங்க. ஒவ்வொரு தடவ மெயில் வர்றப்பவும் நான் பயந்துக்கிட்டே திறக்கணும்." பிறகு, "நான் மறந்தேன். பொய் சொல்லல. இப்ப சொன்னாத்தான் பொய்" என்றாள்.

புத்ராஜெயாவுக்குப் போன் செய்திருந்தாள். எழுத்து மூலமாக விளக்கம் கொடுங்கள், அது கிடைக்காமல் கடிதம் அனுப்ப முடியாது என்று பதில் வந்தது. மேசையில் உட்கார்ந்து அவள் மலாயில் எழுதினாள். எந்தத் தேதியில் அனுமதி முடிந்தது, எந்தத் தேதியில் புதுப்பித்தேன், இடையில் எத்தனை நோயாளிகளைப் பார்த்தேன், ஏன் தெரியாமல் போயிற்று என்பதைத்தான் எழுதினாள். தன்னைப் பற்றிப் பரிதாபமாக ஒரு வரிகூட இல்லை. நான் வாசித்துப் பார்த்து, மருத்துவமனை மேல் பழி போடுவது போல் இருந்த ஒரு வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்துவிட்டாள்.

அனுப்புவதற்கு முன் நோர்மாவிடம் காட்டினாள். அதுதான் மரியாதை என்று நினைத்தாள். நோர்மா படித்துவிட்டு, நீ உன் பெயரை மட்டும் எழுதவில்லை, என் மையத்தின் பெயரையும் எழுதியிருக்கிறாய் என்றாராம். அன்று சாயங்காலமே மற்ற எல்லோருடைய அனுமதிச் சான்றிதழையும் வாங்கித் தேதி பார்த்திருக்கிறார். காமினியை அந்த வாரமே வீட்டு நோயாளிகளிடமிருந்து நிறுத்தினார். மாதக் கடைசியில் வேலையை விட்டுவிடச் சொன்னார்.

இது நாங்கள் இரண்டு பேரும் எதிர்பார்க்காதது. இந்த வருடம் மார்ச் மாதத்திலிருந்து ஐயாவுக்கு பிசியோ இல்லை. அனுஜா சிங்கப்பூரிலிருந்து நாலு இடத்தில் கேட்டார். வீட்டுக்கு வர ஆள் கிடைப்பது பினாங்கில் அவ்வளவு சுலபம் இல்லை. காமினி இடையில் இரண்டு முறை சும்மா பார்க்க வந்தாள், நட்புக்காக வந்து பயிற்சி கொடுக்கிறேன் என்றாள். அனுமதி கையில் இருந்தது, செய்யலாம். ஆனால் அவள் விஷயம் மன்றத்தின் முன்னால் இருக்கும்போது, மையத்தின் நோயாளியைத் தனியாக எடுத்துக்கொண்டாள் என்று நோர்மா எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று அவளே யோசித்து நிறுத்திக்கொண்டாள். நானும் வற்புறுத்தவில்லை. பத்து வாரம் கழித்துத்தான் நூர் ஃபாத்திஹா என்ற பெண் கிடைத்தாள். அதற்குள் ஐயாவின் வலது தோள்பட்டை இறுகிவிட்டது. முப்பத்தொன்றிலிருந்து இருபத்தாறுக்கு வந்திருந்த அவர் நடை, நாற்பத்தேழுக்குப் போய்விட்டது. என் கைக்கு எட்டியதை நான் செய்தேன், ஆனால் நான் பிசியோதெரபிஸ்ட் இல்லை.

மன்றத்திடமிருந்து ஜூன் மாதம் பதில் வந்தது. இனிமேல் இப்படி நடக்கக் கூடாது என்று எச்சரித்து ஒரு கடிதம் அவளுக்கு வந்தது. தேதிகளோடும் அந்த இடைவெளியோடும் இன்னொரு கடிதம் நேராக நியூசிலாந்துக்குப் போனது. அதில் என்ன வார்த்தைகள் இருந்தன என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமல் மூன்று வாரம் இருந்தாள். அந்த நாட்களில் எனக்குப் போன் செய்து, ஐயா எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிட்டு வேறு எதுவும் பேசாமல் வைத்துவிடுவாள். புக்கிட் மெர்தாஜாமில் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மவோரிகளின் உடல்நலத்தைப் பற்றி வாரியம் எதிர்பார்க்கும் பகுதியை நாலு முறை திருத்தி எழுதினாளாம். வேறு வேலை இல்லை.

பிறகு வாரியம் விளக்கம் கேட்டது. நடந்தது என்ன, இனி நடக்காமல் இருக்க என்ன மாற்றம் செய்திருக்கிறாய், அந்தக் காலத்தில் நீ செய்த வேலை பாதுகாப்பாக இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். மூன்றாவது கேள்விக்கு அவள் என் புத்தகத்தின் பக்கங்களை நகலெடுத்து, ஐயாவின் பெயரை மறைத்து அனுப்பினாள். ஜனவரியிலிருந்து மே வரை, தேதி மாறாமல். அந்த மாதங்களில் ஐயா ஒரு முறைகூட விழவில்லை, தோலில் புண் வரவில்லை என்பது அந்தப் பக்கங்களில்தான் இருந்தது. நான் ஒரு கடிதம் எழுதினேன். பார்த்ததை மட்டும் எழுதினேன். நல்ல பெண், தங்கமான பெண் என்றெல்லாம் எழுதச் சொல்லி அவள் அம்மா கேட்டார். அதைக் கேட்க வாரியம் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் கடைசியில் நியூசிலாந்துப் பதிவு வந்தது. காமினி போன் செய்தாள். "குடுத்துட்டாங்க ஆன்ட்டி" என்று மட்டும் சொன்னாள். குரலில் சந்தோஷத்தைவிட அலுப்புதான் அதிகம் இருந்தது. தயாளன் விமான டிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிட்டானாம்.

போவதற்கு இரண்டு நாள் முன்னால், சாயங்காலம் நாலு மணிக்கு இங்கே வந்தாள். அது ஃபாத்திஹா வராத நாள். ஐயாவுக்கு அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது, எழுந்து நடந்து காட்ட வேண்டும் என்று நாற்காலியின் கையைத் தட்டினார். காமினி ஸ்டாப்வாட்ச்சை எடுத்தாள். நான் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். வலது கால் வெளியே வட்டம் போட்டு வந்தது. திரும்பும் இடத்தில் இரண்டு முறை நின்றார். உட்கார்ந்தபோது நாற்பத்தொரு வினாடி. அவருக்குப் பெருமையாக இருந்தது, போன மாதம் நாற்பத்து நாலு.

காமினி அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டுக் கேட்டாள்.

"நான் அப்ப அந்தக் கடிதத்த எழுதாம, நோர்மா சொன்ன மாதிரி கேட்டிருந்தா, ஐயா இப்ப இருபதுக்குள்ள வந்திருப்பாரு, இல்ல?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வயது, பக்கவாதம், யாருக்குத் தெரியும் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அவள் எண்களைப் படிக்கத் தெரிந்தவள்.

"வந்திருப்பாரு" என்றேன். "உன்னால மட்டும் இல்ல. ஆனா உன்னோட பங்கும் இருக்கு. என்னோடதும் இருக்கு."

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கும் வசதியாக இருந்திருக்காது. ஐயாவுக்குத் தேநீர் நேரமாகிவிட்டது. அவருக்கு விழுங்குவதில் சிரமம் உண்டு, கெட்டியாக்கும் மாவை அளந்து கலக்க வேண்டும். நான் அதைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

கோப்பையோடு திரும்பி வந்தபோது காமினி தரையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கையை அவர் தோள்பட்டைக்குப் பின்னாலும் மறுகையை முழங்கைக்குக் கீழும் கொடுத்து, இறுகிப்போன அந்தக் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவந்துகொண்டிருந்தாள். ஐயாவுக்கு வலித்தது, நெற்றி சுருங்கியது. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நான் தேநீரை ஆறட்டும் என்று மேசையில் வைத்துவிட்டு நின்றேன்.